விலை ஏறியதும் எந்தக் கோடு நகர்ந்தது? வெங்காயச் சந்தையின் நான்கு படங்கள்

வாசகியின் கடிதம்

ஐயா, நாங்கள் மளிகைக்கடை நடத்துகிறோம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பொருளியல் தேர்வில் பெரிய வெங்காயச் சந்தை என்று நான்கு படம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கோடு, எந்தப் பக்கம், என்ன காரணத்தால் நகர்ந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 12 மதிப்பெண்ணுக்கு 4 தான் வாங்கியிருக்கிறான். வினாத்தாளையும் விடைத்தாளையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். முதல் படத்துக்கு, ‘மழையால் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது, அதனால் தேவையும் குறைந்தது’ என்று எழுதி இரண்டு கோட்டையும் நகர்த்தியிருக்கிறான். கடையில் நானும் தினம் பார்ப்பது அதுதானே? விலை ஏறினால் வாங்குவது குறைகிறது. சில நாள் மட்டும் தலைகீழாக, ஏற ஏறக் கூட்டம் கூடுகிறது. அது ஏன் என்றும் தெரியவில்லை. நாலாவது படத்துக்கு ஏற்றுமதித் தடை என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அதற்கும் முழு மதிப்பெண் இல்லை. பள்ளியில் போய்க் கேட்கலாமா, விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி

ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. மூன்றாவது படத்தின் மேல் கைபேசியின் நிழல் விழுந்ததில் அம்புக்குறிகள் மறைந்துவிட்டன. ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து இரண்டு அச்சுகளுக்கும் இழுத்திருக்கும் புள்ளிக்கோடுகள் தெரிகின்றன; விடை சொல்ல அவை போதும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று படங்களில் ஆசிரியர் திருத்தியது சரி. நான்காவதில் உங்கள் மகன் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல.

கோடு வேறு, கோட்டின் மேல் உள்ள புள்ளி வேறு

நீங்கள் கடைக்காரர் என்பதால் மூட்டைக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு மொத்தச் சந்தையில், கிலோ 20 ரூபாய் என்றால் ஒரு நாளில் 100 மூட்டை வாங்க ஆள் இருக்கிறது; 30 ரூபாய் என்றால் 80 மூட்டைக்கு; 40 ரூபாய் என்றால் 60 மூட்டைக்கு. இந்தப் பட்டியல் முழுவதையும் வரைந்தால் வருவதுதான் தேவைக் கோடு. விற்பவர் பக்கமும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. 20 ரூபாய்க்கு 60 மூட்டைதான் இறக்குவார்கள். 30 ரூபாய்க்கு 80. 40 ரூபாய் கிடைக்குமென்றால் 100. இது அளிப்புக் கோடு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இரு பட்டியலும் 30 ரூபாய், 80 மூட்டை என்ற இடத்தில் ஒத்துப்போகின்றன, அதுவே சமநிலை.

ஆக, கோடு என்பது இன்று விற்ற அளவு அல்ல. ‘இந்த விலையானால் இவ்வளவு, அந்த விலையானால் அவ்வளவு’ என்ற பதில்களின் முழுத் தொகுப்பு அது. இன்று நடந்த விற்பனை அதன் மேல் ஒரு புள்ளி மட்டுமே. வெங்காயத்தின் விலை மாறினால் புள்ளிதான் கோட்டின் மேல் ஏறி இறங்கும்; பட்டியல் மாறாது. படத்தின் செங்குத்து அச்சில் எழுதியிருக்கும் விலையைத் தவிர வேறு ஏதாவது மாறினால்தான் பட்டியலே மாறும், கோடு இடம்பெயரும். பாடநூல் வழக்கில் முதலாவதை விரிவு, சுருக்கம் என்றும், இரண்டாவதை அதிகரிப்பு, குறைவு என்றும் சொல்வார்கள். அன்றாடப் பேச்சில் இரண்டுக்கும் ‘குறைஞ்சிடுச்சு’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. உங்கள் மகனின் முதல் தவறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அவன் விடைத்தாளின் ஓரத்தில் ‘கேள்வி வளையி’, ‘நிரம்பல் வளையி’ என்று எழுதி அடித்திருக்கிறான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தேவையைக் கேள்வி என்றும் அளிப்பை நிரம்பல் என்றும் சொல்வது வழக்கம். இலங்கை ஆசிரியர் எவரேனும் நடத்திய காணொளியைப் பார்த்திருக்கக்கூடும். பொருள் ஒன்றுதான், தமிழ்நாட்டுத் தேர்வில் எழுதும்போது மட்டும் தேவை, அளிப்பு என்றே எழுதட்டும்.

முதல் படம்: மழை நகர்த்தியது ஒரு கோட்டை மட்டுமே

முதல் படத்தில் தேவைக் கோடான D ஒன்றுதான் இருக்கிறது. அளிப்புக் கோடான S-க்கு இடப்பக்கம் S1 என்று இன்னொன்று வரைந்திருக்கிறார்கள். வெட்டும் புள்ளி மேலேயும் இடப்பக்கமும் போயிருக்கிறது. அதாவது விலை ஏறி, விற்பனை அளவு குறைந்திருக்கிறது. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தால் மட்டுமே இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும்.

மழை என்று காரணம் எழுதியது முற்றிலும் சரி. 2019-இல் நடந்ததே அதற்குச் சான்று. மகாராஷ்டிரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் எடுக்கும் ரபி பருவ வெங்காயம் ஈரம் குறைந்தது. காற்றோட்டமான கொட்டகைகளில் மாதக்கணக்கில் தாங்கும். அந்த இருப்பு தீரும் சமயத்தில், அக்டோபர் வாக்கில், காரிஃப் பருவ வெங்காயம் வரத் தொடங்க வேண்டும். இது ஈரம் மிகுந்தது. நிறைய நாள் வைக்க முடியாது. அந்த ஆண்டு பருவமழை தாமதமாகத் தொடங்கியதால் நடவு பிந்தியது. பிறகு செப்டம்பரிலும் அக்டோபரிலும் பெய்த மிகை மழை வயலில் நின்ற பயிரை அழுகச் செய்தது. பழைய இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது, புதியது வரவில்லை. டிசம்பரில் நாட்டின் பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். மழையால் எந்த விலையிலும் 40 மூட்டை குறைவாகவே வருகிறது என்று கொள்வோம். விற்பவரின் புதிய பட்டியல்: 20 ரூபாய்க்கு 20 மூட்டை, 30 ரூபாய்க்கு 40, 40 ரூபாய்க்கு 60. பழைய 30 ரூபாய் விலையில் வாங்க வந்தவர்களுக்கு 80 மூட்டை வேண்டும், இருப்பதோ 40. பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டிய நிலையில் விலை ஏறுகிறது. ஏற ஏற, கிலோ வாங்கியவர் அரைக்கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். ஓட்டல்காரர் ஆம்லெட்டில் வெங்காயத்துக்குப் பாதி முட்டைக்கோஸ் போடுகிறார். 40 ரூபாயில் வாங்குவோரும் 60 மூட்டை கேட்கிறார்கள், விற்போரும் 60 மூட்டை இறக்குகிறார்கள். புதிய சமநிலை அங்கே நிற்கிறது.

நீங்கள் கடையில் பார்ப்பது இந்த அரைக்கிலோவைத்தான். அது உண்மைதான். ஆனால் ‘40 ரூபாயானால் 60 மூட்டை’ என்பது மழைக்கு முன்பே வாங்குவோரின் பட்டியலில் இருந்த பதில். மழை அந்தப் பட்டியலைத் தொடவில்லை. பட்டியலின் வேறொரு வரிக்கு மக்களைத் தள்ளியிருக்கிறது, அவ்வளவே. நாளைக்கு வரத்துச் சீராகி விலை 30-க்குத் திரும்பினால், அதே மக்கள் அதே 80 மூட்டையைக் கேட்பார்கள். கோடு நகராததற்கு இதுவே அடையாளம்.

உங்கள் மகன் செய்ததுபோல் D கோட்டையும் இடப்பக்கம் தள்ளினால், விலை உயர்வின் விளைவை இரண்டு முறை எண்ணியதாகும். போதுமான அளவு தள்ளினால் விலை பழைய 30-க்கே திரும்பி வந்துவிடும். ஏறிய விலையைக் காரணமாகக் காட்டி நகர்த்திய கோடு, அந்த ஏற்றத்தையே அழித்துவிடுகிறது. இந்த முரண்பாட்டை ஒரு முறை காகிதத்தில் வரைந்து பார்த்தவர்கள் மறுபடி அந்தத் தவறைச் செய்வதில்லை.

கவனியுங்கள்: அளிப்புக் கோடு நகர்ந்தது 40 மூட்டை தூரம், விற்பனை குறைந்ததோ 20 மூட்டைதான். ஏறிய விலை மீதி 20 மூட்டையை எப்படியோ வெளியே கொண்டுவந்துவிட்டது. உண்மைச் சந்தையில் ஒரு வாரத்துக்குள் வெங்காயத்தை விளைவிக்க முடியாது என்பதால் அளிப்புக் கோடு ஏறக்குறைய நெட்டுக்குத்தாகவே இருக்கும். ஆகவே அளவு எளிதில் ஈடாகாமல் விலை இன்னும் தாவும். 2019-இல் விலை அப்படிப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் படத்தில் பல மாணவர்களைக் கவிழ்க்கும் இன்னொன்றும் உண்டு. S1 கோடு S-க்கு மேலே இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிவதால், ‘மேலே போனது, ஆகவே அளிப்பு அதிகரித்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து விலையைச் செங்குத்து அச்சிலும் அளவைக் கிடை அச்சிலும் வைத்துப் பழகிவிட்டோம். ஆகவே கோட்டின் நகர்வை எப்போதும் படுக்கைவாட்டில்தான் படிக்க வேண்டும். ஒரே விலையில் அளவுகோலைக் கிடையாக வைத்துப் பார்த்தால் S1 இடப்பக்கம், அதாவது குறைவான மூட்டையில் இருப்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது படம்: கோடு சரி, காரணம் தவறு

இங்கே D கோடு வலப்பக்கம் போயிருக்கிறது. கோட்டையும் திசையையும் சரியாக எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு, காரணமாக ‘விலை குறைந்ததால் மக்கள் அதிகம் வாங்கினார்கள்’ என்று எழுதியிருக்கிறான். படத்திலேயே புதிய விலை பழையதற்கு மேலே நிற்கிறது. அதைப் பார்த்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டான். வெங்காயத்தின் சொந்த விலை வெங்காயத்தின் தேவைக் கோட்டை நகர்த்தாது. சின்ன வெங்காயத்தின் விலை நகர்த்தும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் விளைச்சல் குறைந்து விலை ஏறினால், சாம்பாருக்கும் பெரிய வெங்காயத்தையே நறுக்கத் தொடங்கும் வீடுகள் உண்டு. பெரிய வெங்காயத்தின் விலை மாறாமலேயே அதைக் கேட்போர் கூடுகிறார்கள். பதிலீட்டுப் பொருள் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். முகூர்த்த மாதம், திருவிழா, வருமான உயர்வு என்று எழுதியிருந்தாலும் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

நம் பட்டியலில் எந்த விலையிலும் 40 மூட்டை கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வைத்தால், 40 ரூபாயில் 100 மூட்டை என்று சந்தை நிற்கிறது. முதல் படத்திலும் விலை 40 தான்! விலையை மட்டும் கேட்டால் இரண்டு படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மழைக்காலத்து 40 ரூபாயில் 60 மூட்டை கைமாறியது. திருவிழாக் காலத்து 40 ரூபாயில் 100 மூட்டை கைமாறுகிறது. ‘வெங்காயம் விலை ஏறிவிட்டது’ என்று செய்தி வந்தால், எந்தக் கோடு நகர்ந்தது என்று அதிலிருந்து சொல்லவே முடியாது. சந்தைக்கு எத்தனை லாரி வந்து இறங்கியது என்ற அடுத்த வரியைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது படம்: ஒன்றும் மாறாததுபோல் தெரிவது

நிழல் விழுந்த படம் இது. பழைய புள்ளிக்கு நேர் மேலே புதிய புள்ளி நிற்கிறது. கிடை அச்சில் ஒரே ஒரு அளவுதான் குறித்திருக்கிறது. செங்குத்து அச்சில் இரண்டு விலைகள். அளவு மாறவில்லை என்பதால் உங்கள் மகன் ‘எந்தக் கோடும் நகரவில்லை’ என்று எழுதிவிட்டான். எந்தக் கோடும் நகராவிட்டால் விலை எப்படி மாறும்? படத்தில் உள்ள இரண்டு கோடுகளும் ஒரே அளவு சாய்வானவை. ஒரு கோடு மட்டும் நகர்ந்திருந்தால் அளவு கட்டாயம் மாறியிருக்கும். ஆகவே இரண்டுமே நகர்ந்திருக்கின்றன. அளிப்பு இடப்பக்கம், தேவை வலப்பக்கம், இரண்டும் ஒரே தூரம்.

ஏற ஏறக் கூட்டம் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த நாட்களின் படம் இதுதான். வரத்துக் குறைந்து விலை ஏறத் தொடங்கியதும், ‘அடுத்த வாரம் இன்னும் ஏறும்’ என்ற பேச்சு பரவுகிறது. ஒரு கிலோ வாங்க வந்தவர் மூன்று கிலோ கேட்கிறார். நீங்களே ஒரு மூட்டை போடும் இடத்தில் மூன்று மூட்டை போட்டு வைத்திருப்பீர்கள். அவர்களை வாங்க வைப்பது இன்றைய விலையின் உயர்வு அல்ல; நாளைய விலையைப் பற்றிய எதிர்பார்ப்பு. அது இன்றைய விலைக்கு வெளியே இருக்கும் காரணி. ஆகவே தேவைக் கோட்டை வலப்பக்கம் நகர்த்தும் உரிமை அதற்கு உண்டு. ‘விலை ஏறினால் தேவை கூடுகிறது, தேவை விதி பொய்’ என்று சிலர் சொல்வது இந்த இரண்டையும் குழப்புவதால்தான்.

அதே எதிர்பார்ப்பு விற்பவரையும் விடாது. இன்று விற்பதைவிடப் பத்து நாள் கழித்து விற்கலாம் என்று கொட்டகையைப் பூட்டினால், இன்றைய அளிப்புக் கோடு மேலும் இடப்பக்கம் போகிறது. 2019 செப்டம்பர் இறுதியில் சில்லறை வணிகருக்கு 100 குவிண்டால், மொத்த வணிகருக்கு 500 குவிண்டால் என்று மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தது இந்த நகர்வைத் தடுக்கத்தான்.

நம் எண்களில் மழை 40 மூட்டையைக் குறைத்து, பதற்றம் 40 மூட்டையைக் கூட்டினால் விலை 50, அளவு அதே 80. பதற்றம் 20 மூட்டை மட்டும் கூட்டியிருந்தால் விலை 45, அளவு 70. அது 60 மூட்டையாக இருந்திருந்தால் விலை 55, அளவு 90. விலை ஏறும் என்பது மட்டும் உறுதி. அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. படம் தராமல் சொற்களில் மட்டும் இப்படிக் கேட்டால் ‘அளவு பற்றி உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று எழுதுவதே சரியான விடை. பல மாணவர்கள் அதை எழுதத் தயங்கி ஏதோ ஒன்றை ஊகித்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

நான்காவது படம்: யாருடைய சந்தை?

இந்தப் படத்தில் D கோடு இடப்பக்கம் போயிருக்கிறது. விலையும் அளவும் குறைந்திருக்கின்றன. உங்கள் மகன் ‘அளிப்பு வலப்பக்கம் நகர்ந்தது, காரணம் ஏற்றுமதித் தடை’ என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் காரணத்துக்கு ஒரு மதிப்பெண் தந்து, கோட்டுக்கும் திசைக்கும் தரவில்லை.

2019 செப்டம்பர் 29 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. நாசிக் பக்கத்து மொத்தச் சந்தையில் நிற்கும் ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார்? அவரைச் சுற்றி ஏலம் கேட்பவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள். தடை வந்ததும் அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். விளைச்சலில் ஒரு மூட்டைகூட கூடவில்லை; கேட்பவர்தான் குறைந்தார்கள். ஆகவே தேவைக் கோடு இடப்பக்கம். உழவர்கள் இந்தத் தடையை எதிர்த்ததும் இதனால்தான்.

உங்களைப் போன்ற உள்நாட்டுக் கடைக்காரர் அதே தடையை எப்படிப் பார்ப்பார்? அவருடைய வாடிக்கையாளர் யாரும் மாறவில்லை. கப்பலுக்குப் போகவிருந்த வெங்காயம் தன் ஊர்ச் சந்தைக்கு வந்து இறங்குகிறது. அவருக்கு அளிப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான் என்பதை எண்கள் காட்டும். தடைக்கு முன் 30 ரூபாய்க்கு விற்ற 80 மூட்டையில் 40 ஏற்றுமதிக்கும் 40 உள்நாட்டுக்கும் போனது என்று கொள்ளுங்கள். தடையால் எந்த விலையிலும் 40 மூட்டைக்கான கேட்பு மறைந்தால், விலை 20-க்கு இறங்குகிறது. சந்தையில் விற்பது 60 மூட்டை. அந்த 60 மூட்டையும் உள்நாட்டுக்கே. மொத்தச் சந்தையின் கணக்கில் அளவு 80-இலிருந்து 60-க்குக் குறைந்தது. உள்நாட்டு வாங்குவோர் கணக்கில் அதுவே 40-இலிருந்து 60-க்குக் கூடியது. விலை இரண்டிலும் 20 தான்.

எனவே உங்கள் மகனின் எண்ணத்தில் பிழை இல்லை. கொடுத்த படத்துக்கு அது பொருந்தவில்லை. அந்தப் படத்தில் அளவு குறைந்திருக்கிறது, நகர்ந்த கோடும் இடமிருந்து வலமாக இறங்கும் தேவைக் கோடு. அளிப்பு வலப்பக்கம் போயிருந்தால் அளவு கூடியிருக்க வேண்டும். அவன் காரணத்தை முதலில் நினைத்துக்கொண்டு கோட்டைப் பிறகு தேடியிருக்கிறான். படம் கொடுத்துக் கேட்கும்போது வரிசை மாற வேண்டும்: முதலில் புதிய புள்ளி பழையதற்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பது, அதிலிருந்து கோட்டை முடிவு செய்வது, கடைசியாகக் காரணம்.

அதே சமயம், வினாத்தாளில் ‘பெரிய வெங்காயச் சந்தை’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். மொத்தச் சந்தையா, உள்நாட்டு நுகர்வா என்று சொல்லவில்லை. இதைக் குறை என்று ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லலாம். ஆனால் படம் தெளிவாக இருப்பதால், இந்தக் குறையால் மதிப்பெண் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளியில் கேட்பது பற்றி

கேட்கலாம், ஆனால் நீங்கள் போவதைவிட உங்கள் மகனே போவது நல்லது. பள்ளி அளவிலான தேர்வில் திருத்திய விடைத்தாளைப் பார்த்து ஆசிரியரிடம் விளக்கம் கேட்பது மாணவர் வழக்கமாகச் செய்வதே. அதற்கு விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. பெற்றோர் விடைத்தாளோடு நேரே தலைமையாசிரியரிடம் போனால் அது புகாராக மாறிவிடும். உள்ளடக்கத்தைப் பேச வேண்டிய இடத்தில் எல்லோரும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு வேறு. அங்கே விடைத்தாள் நகல் கேட்டுப் பெற்று, அதன் பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

முதல் மூன்று படங்களை எடுக்க வேண்டாம். நான்கையும் சேர்த்துக் கேட்டால், தெளிவாகத் தவறான மூன்றைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நான்காவதில் இருக்கும் நல்ல வாதம் தேய்ந்துவிடும். ‘ஏற்றுமதித் தடையை உள்நாட்டுச் சந்தையின் பார்வையில் அளிப்பு அதிகரிப்பு என்று வரையலாமா, இந்தப் படத்தில் அது ஏன் பொருந்தவில்லை?’ என்று மட்டும் கேட்கட்டும். மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பையன் எதை எண்ணி எழுதினான் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். 2019 இறுதியில் துருக்கியிலிருந்தும் எகிப்திலிருந்தும் வெங்காயம் இறக்குமதி செய்தார்கள். அது வந்து சேர்ந்துகொண்டிருந்தபோது உள்நாட்டுப் புதிய வெங்காயமும் சந்தைக்கு வரத் தொடங்கியது. அவன் வலப்பக்கம் ஒரே ஒரு கோட்டை நகர்த்தி, அது அளிப்புக் கோடாகவும் இருந்து, ‘விலை இறங்கியதும் நம் கடையில் மறுபடி ஒரு கிலோவாக வாங்கினார்களே, அப்போது தேவைக் கோடு நகரவில்லையா?’ என்று நீங்கள் கேட்கும்போது பென்சிலைத் தேவைக் கோட்டின் மேலேயே கீழ்நோக்கி நகர்த்திக் காட்டினால், பிறகு பள்ளிக்குப் போகட்டும்.